களிமண் படகு மூழ்குகிறதா? எங்கே பிழை என்று கண்டுபிடிக்கும் வழிமுறை

கப்பல் ஏன் மிதக்கிறது என்று நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை என்பார்கள். ஒரு களிமண் உருண்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். அதே களிமண்ணைப் படகாக்கினால் மிதக்கும், மேலே நாணயங்களையும் சுமக்கும். சொல்லும்போது எளிதுதான். ஆனால் முப்பது பிள்ளைகள் முப்பது படகு செய்து கொண்டுவரும்போது பாதிப் படகுகள் மூழ்கிவிடும், மீதி ஆளுக்கொரு எண்ணிக்கை காட்டும். நீர்மட்டம் அசையவே அசையாது. கடைசியில் யாராவது ஒரு பிள்ளை, "அப்போ கப்பல் ஏன் மிதக்குது?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இந்தச் சோதனையைப் பலமுறை செய்ததில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே படகை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அதன் அளவுகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

களிமண் 60 கிராம். உருண்டையாக்கினால் சுமார் 4 செ.மீ. குறுக்களவு வரும். 100 மி.லி. தண்ணீர் உள்ள அளவுக் குவளையில் அதைப் போட்டால் தண்ணீர் 134-க்கு ஏறும். அதாவது களிமண் பிடிக்கும் இடம் 34 மி.லி. நாணயம் ஒன்று 5 கிராம். ஒரே மதிப்புள்ள நாணயங்களில்கூட பழையதும் புதியதும் எடையில் வேறுபடலாம். ஆகவே ஒரே மாதிரியான இருபதை எடுத்து மொத்தமாக நிறுத்து இருபதால் வகுத்துவிடுங்கள். சமையலறைத் தராசில் ஒற்றை நாணயத்தை நிறுத்தால் 4-ஆ 5-ஆ என்றே தெரியாது. தராசே இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்ய நான் இறங்க மாட்டேன். செய்தால் வேடிக்கையாக இருக்கும், பாடமாக இருக்காது.

உங்கள் களிமண்ணும் நாணயமும் வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் விதம் மாறாது.

## அறிகுறி: உருண்டையே மிதக்கிறது

இது களிமண்ணின் கோளாறு. காற்றில் தானே காயும் பஞ்சு போன்ற களிமண் வகை ஒன்று உண்டு. கையில் எடுத்தாலே எடை தெரியாது. அது நீரைவிட லேசானது என்பதால் எந்த வடிவத்தில் போட்டாலும் மிதக்கும். அதை ஒதுக்கிவிட்டு, எண்ணெய்ப் பதமுள்ள மாடலிங் களிமண்ணை எடுங்கள். பானை வனையும் மண்ணும் வேண்டாம். பத்து நிமிடத்தில் தண்ணீரில் கரைந்து தொட்டியைக் கலக்கிவிடும், படகின் அடியும் கூழாகிவிடும்.

## அறிகுறி: படகு நாணயம் வைக்கும் முன்பே மூழ்குகிறது

பெரும்பாலும் பிள்ளை செய்தது படகாக இருக்காது, நடுவில் ஒரு குழி விட்ட உருண்டையாகத்தான் இருக்கும். சுவர் ஒரு விரல் தடிமன் இருக்கும். பார்க்கப் படகு மாதிரி இருப்பதால், "நான் சரியாத்தானே செஞ்சேன்" என்று முகம் வாடும். "இன்னும் மெல்லிசாகச் செய்" என்று சொல்வதைவிட, எவ்வளவு குறைகிறது என்று அளந்து காட்டுவது நல்லது.

கணக்கு இதுதான். 60 கிராம் களிமண் மிதக்க வேண்டுமானால் 60 கிராம் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம். ஆகவே 60 மி.லி. தண்ணீரின் இடத்தைப் படகு பிடித்தாக வேண்டும். களிமண் தன்னளவில் 34 மி.லி. பிடிக்கிறது. மீதி 26 மி.லி. இடத்தைப் படகின் குழிதான் கொடுக்க வேண்டும்.

சோதிக்க ஒரு சிரிஞ்ச் போதும். படகை மேசைமேல் சமமாக வைத்து, உள்ளே 26 மி.லி. தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அதற்குள் வழிந்தால் அந்தப் படகு மிதக்காது, தொட்டியில் போட்டுப் பார்க்கக்கூடத் தேவையில்லை. 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம் என்று கட்டையாகச் செய்த படகை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக 48 மி.லி. இடம்தான் பிடிக்கும். அதில் களிமண்ணைக் கழித்தால் குழிக்கு 14 மி.லி.தான் மிச்சம். நிச்சயம் மூழ்கும்.

சரிசெய்ய, சுவரை மேலே இழுக்கச் சொல்லாதீர்கள். இழுத்தால் கிழியும். களிமண்ணை ஒரு தாளின்மேல் வைத்து, உருளையான புட்டியால் சப்பாத்தி போலத் தேய்த்து, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் வந்ததும் ஓரங்களை மடித்து நிமிர்த்தட்டும். நமது 60 கிராம் களிமண்ணில் 8 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம் உள்ள படகு தாராளமாக வரும். இனிமேல் "நமது படகு" என்று சொல்வது இதைத்தான்.

## அறிகுறி: நன்றாக மிதக்கிறது, ஒரு நிமிடம் கழித்துத் தானாக மூழ்குகிறது

ஒழுகல். ஆனால் ஒழுகலா, விளிம்பு வழியாக ஏறிய நீரா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். விளிம்பு வழியாக என்றால் தண்ணீர் ஒரே கணத்தில் பாயும், படகு சடாரென்று போய்விடும். ஒழுகல் என்றால் படகின் உள்ளே ஒரு மூலையில் முதலில் ஈரம் பளபளக்கும், பிறகு சிறு குட்டையாகும். கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் படகை வெள்ளைத் தாளின்மேல் வைத்து உள்ளே மைகலந்த தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். கறை படியும் இடம்தான் ஓட்டை.

பத்தில் எட்டுமுறை ஓட்டை மூலையில்தான் இருக்கும். தாள் பெட்டி மடிப்பது போல மூலையை மடிப்பதால் அங்கே ஒரு கோடு ஒட்டாமல் நிற்கும். அதை ஒட்டுவதற்கு முன் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரம் பட்ட எண்ணெய்க் களிமண் தன்னோடு தானே ஒட்டாது. இதைத் தெரியாமல் ஓட்டையின்மேல் களிமண் துண்டு வைத்து அழுத்தி, அது அப்படியே கழன்று விழுந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் விரல் வைத்து, கோடு மறையும்வரை தேய்த்துச் சேர்ப்பதே சரியான ஒட்டு.

சிறிய ஒழுகல்தானே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் எண்ணிக்கை. உள்ளே 10 மி.லி. தண்ணீர் புகுந்தால் அது 10 கிராம் சரக்கு. இரண்டு நாணயத்தை யாரோ ஓசைப்படாமல் படகில் வைத்துவிட்ட மாதிரி.

## அறிகுறி: முதல் இரண்டு மூன்று நாணயத்திலேயே கவிழ்கிறது

இந்தப் படகுக்கு மிதக்கும் திறன் போதாமலில்லை, நிற்கும் திறன்தான் போதவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகளிடம் இங்கே சொல்லிவிடலாம். மூழ்கிய படகு வேறு, கவிழ்ந்த படகு வேறு. கவிழ்ந்ததை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

படகைப் பக்கவாட்டில் பாருங்கள். உயரமாகவும் ஒடுக்கமாகவும் கிண்ணம் போல இருக்கிறதா? அடி உருண்டையாக இருக்கிறதா? அகலமான தட்டையடிப் படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் ஆழமாக நீருக்குள் போகும். அங்கே தண்ணீர் கூடுதலாக மேலே தள்ளி அதை நிமிர்த்திவிடும். ஒடுக்கமான படகில் இந்த நிமிர்த்தும் தள்ளல் மிகவும் குறைவு. அடியை மேசையில் லேசாகத் தட்டித் தட்டையாக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வடிவம் சரியாக இருந்தும் கவிழ்ந்தால், நாணயம் வைக்கும் கையைக் கவனியுங்கள். உயரத்திலிருந்து போடுகிறார்கள், அல்லது நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம் கட்டுகிறார்கள். நாணயத்தை விளிம்புக்கு அருகில் பிடித்து உள்ளே சாய்த்து இறக்கட்டும். முதல் நாணயம் ஒரு மூலையில் என்றால் இரண்டாவது எதிர் மூலையில். ஒரு அடுக்கு நிரம்பிய பிறகுதான் அடுத்த அடுக்கு.

## அறிகுறி: கணக்கு 16 என்கிறது, படகு 12-லேயே மூழ்குகிறது

இதற்கு நான் அதிக நேரம் ஒதுக்குவேன். "யார் படகு அதிக நாணயம் தாங்கும்" என்ற போட்டியோடு நிறுத்திவிட்டால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கைத்திறன் மட்டும்தான். எத்தனை தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, பிறகு சோதித்து, தவறினால் ஏன் தவறியது என்று தேடும்போதுதான் மிதப்பதன் விதி கைக்கு வரும்.

முன்கணிப்பு இப்படி. நமது படகை மேசைமேல் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அளந்தால் 110 மி.லி. பிடிக்கிறது. அது குழி. அதோடு களிமண்ணின் 34 மி.லி. சேர்த்தால் 144 மி.லி. விளிம்பு நீரைத் தொடும்வரை படகு அழுந்தினால் ஒதுக்கித் தள்ளக்கூடிய மொத்தத் தண்ணீர் இவ்வளவுதான், அதாவது 144 கிராம். படகும் சரக்கும் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. படகே 60 கிராம். சரக்குக்கு மீதி 84 கிராம். 16 நாணயம் 80 கிராம், தாங்கும். 17 நாணயம் 85 கிராம், தாங்காது.

ஒருமுறை இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பெருமையாகச் சோதித்தேன். பன்னிரண்டாவது நாணயம் நின்றது, பதின்மூன்றாவதில் படகு போய்விட்டது. நாலு நாணயத்துக்கான இடம் எங்கே போனது என்று பிள்ளைகளோடு சேர்ந்து நானும் தேடினேன்.

முதல் குற்றவாளி அளந்த தண்ணீரே. 110 மி.லி. ஊற்றிவிட்டுக் கவிழ்த்துக் கொட்டினோம், துடைக்கவில்லை. சுவரிலும் மூலையிலும் ஒட்டியிருந்தது சுமார் 5 மி.லி. அது ஒரு நாணயம். மெல்லிய தாளால் ஒற்றி எடுத்த பிறகு 13 நின்றது.

இரண்டாவது, சாய்வு. நாணயங்கள் ஒரு பக்கமாகக் கூடியிருந்தன. படகு ஒரு பக்கம் தாழ்ந்து, மறுபக்கம் தூக்கி நின்றது. தூக்கி நிற்கும் பக்கம் இன்னும் அரை விரல் உயரம் மிச்சமிருக்க, தாழ்ந்த பக்கம் விளிம்பு வழியாக நீர் புகுந்துவிடும். இதில் எவ்வளவு இழப்பு என்று பார்க்க ஒரு எளிய அளவு உண்டு. நமது படகின் அடிப்பரப்பு 8 × 6, அதாவது 48 சதுர செ.மீ. 5 கிராம் நாணயம் ஒன்றை வைத்தால் படகு 5 மி.லி. கூடுதலாக ஒதுக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அழுந்தினால் போதும். ஆக, ஒரு நாணயம் ஒரு மில்லிமீட்டர். இரு பக்க விளிம்புகளுக்கும் இடையே 6 மி.மீ. உயர வித்தியாசம் இருந்தால் சராசரியாக 3 மி.மீ. வீணாகிறது, அதாவது மூன்று நாணயம். எங்கள் படகில் காணாமல் போன மீதி மூன்றும் இங்கேதான் இருந்தன. நாணயங்களைச் சமமாகப் பரப்பியதும் 16 நின்றது.

இந்த "ஒரு நாணயம் ஒரு மில்லிமீட்டர்" பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். படகின் வெளிச்சுவரில் அடியிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஊசியால் கோடு கீறச் சொல்லுங்கள். ஒழுகாமலிருக்க மேலோட்டமாக மட்டும். காலிப் படகு பன்னிரண்டாம் கோட்டைக் கொஞ்சம் தாண்டி நிற்கும், ஏனென்றால் 60 மி.லி.-யை 48-ஆல் வகுத்தால் ஒன்றேகால் செ.மீ. அப்புறம் நாணயத்துக்கு ஒரு கோடு. சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி இருப்பதைப் படத்தில் காட்டலாம். அந்தக் கோடு நீருக்குள் போகும் அளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. அளவுக்கு மீறி ஏற்றிய கப்பல்கள் மூழ்குவதைத் தடுக்கச் சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடியதால், 1876-இல் பிரிட்டனில் இந்தக் குறி சட்டப்படி கட்டாயமானது. இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இன்னொரு சிறிய காரணமும் உண்டு. கையில் நெடுநேரம் பிசைந்த களிமண் இளகிவிடும், சுவர் உள்பக்கமாகச் சாயும், இடம் குறையும். செய்து முடித்த படகைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டால் விறைத்துக்கொள்ளும்.

## அறிகுறி: கணக்குக்கு மேலே ஒன்றிரண்டு நாணயம் தாங்குகிறது

இதுவும் பிழைதான், நல்ல பிழை. எண்ணெய்க் களிமண்ணில் நீர் ஒட்டாது. ஆகவே விளிம்பு நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்த பிறகும் நீரின் மேற்பரப்பு ஒரு மெல்லிய தோல் போல வளைந்து விளிம்பில் தடுத்து நிற்கும். கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் அந்த வளைவு பளபளவென்று தெரியும். பரப்பு இழுவிசை தாங்கும் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் கூடுதல் நாணயம். தொட்டியை விரலால் சுண்டினால் படகு உடனே மூழ்கிவிடும். அதனால் எண்ணிக்கைக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நாணயத்தை வைத்து, தொட்டியின் ஓரத்தை ஒருமுறை மெதுவாகத் தட்டி, பத்து எண்ணும்வரை நின்றால்தான் கணக்கு.

## அறிகுறி: உப்புத் தண்ணீரிலும் அதே எண்ணிக்கை

உப்பு போதவில்லை. ஒரு பெரிய தொட்டியில் இரண்டு கரண்டி உப்பு எதையும் மாற்றாது. உண்மையான கடல்நீரே நல்ல நீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்குதான் கனம். நமது படகுக்கு அது மூன்றரை கிராம் கூடுதல், ஒரு நாணயத்தின் எடைகூட இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் உப்பைக் கரைத்துப் பாருங்கள். மூன்று நாணயம் கூடும். அந்த அளவு உப்பைக் கரைக்க மனமில்லையென்றால் இந்தப் பகுதியை விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

## அறிகுறி: படகு சரி, கணக்கு சரி, விளக்கம் தப்பு

இது தொட்டியில் தெரியாது. "ஏன் மிதந்தது?" என்று கேட்டு, பதில்களைக் காதால் கேட்டால்தான் தெரியும். மூன்று பதில்கள் திரும்பத் திரும்ப வரும்.

"லேசா இருக்கு, அதான் மிதக்குது." இதைச் சொல்லும் பிள்ளையிடம் தராசைக் கொடுங்கள். மூழ்கிய உருண்டை 60 கிராம். 16 நாணயத்தோடு மிதக்கும் படகு 140 கிராம். கனமானது மிதக்கிறது, லேசானது மூழ்கிக் கிடக்கிறது. பிள்ளை குழம்பி நிற்கும் அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் குழம்பட்டும்.

"அகலமா இருக்கு, அதான்." இதில் பாதி உண்மை. அகலத்தை மட்டும் கூட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். அதே களிமண்ணை 12 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலத்துக்குப் பரப்பி, சுவரை ஒரே ஒரு செ.மீ. உயரத்துக்கு நிறுத்தினால் அது பிடிக்கும் மொத்த இடம் 108 மி.லி. களிமண்ணின் 60 கிராமைக் கழித்தால் 48. ஒன்பது நாணயம்தான். நமது சிறிய படகு பதினாறு தாங்கியது. சுவரே இல்லாத தகடு என்றால் நேராக அடிக்குப் போய்விடும்.

மூன்றாவது பதில் கொஞ்சம் தந்திரமானது. "உள்ளே காத்து இருக்கு, அது தூக்குது." பெரியவர்களும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு பிள்ளை இப்படிச் சொன்னபோது படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து, மேசைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, "உள்ளே இப்போ என்ன இருக்கு?" என்றேன். "காத்து." கையை விட்டேன். படகு தொப்பென்று விழுந்து நசுங்கியது. அதே காற்று, அதே படகு, காற்று தூக்கவில்லை. (அந்தப் படகைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது, அதனால் இதைச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள்.)

அப்படியானால் தூக்குவது எது? காலிப் படகை விரலால் தண்ணீருக்குள் அழுத்தச் சொல்லுங்கள். விரலை எதிர்த்துத் தள்ளுவது தண்ணீர்தான். ஏன் தள்ளுகிறது என்பதற்கு நான் சொல்லும் விளக்கம் இது. படகு இல்லாதபோது அந்த இடத்தில் என்ன இருந்தது? தண்ணீர். அது கீழே விழாமல் அங்கேயே நின்றது, ஏனென்றால் சுற்றியுள்ள தண்ணீர் அதைத் தாங்கியது. 60 மி.லி. தண்ணீரைத் தாங்க 60 கிராம் அளவுக்கு மேலே தள்ளியது. இப்போது அந்தத் தண்ணீரை ஒதுக்கிவிட்டுப் படகு வந்து உட்கார்ந்திருக்கிறது. சுற்றியுள்ள தண்ணீருக்கு உள்ளே இருப்பது தண்ணீரா, களிமண்ணா, நாணயமா, காற்றா என்று தெரியாது. முன்பு தள்ளிய அதே அளவுக்குத்தான் இப்போதும் தள்ளும். உள்ளே வந்தவரின் எடை அதற்குச் சமமாக இருந்தால் மிதப்பார், அதிகமாக இருந்தால் மூழ்குவார். இதைக் கண்டு சொன்னவர் ஆர்க்கிமிடீஸ், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில்.

காற்றுக்கும் ஒரு வேலை உண்டு என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அது மனம் உடைந்துபோகும். குழியில் உள்ள 110 மி.லி. காற்றின் எடை ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. எடையே கூட்டாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்வதுதான் காற்றின் வேலை. இரும்புக் கப்பலின் உள்ளே அறையும் கூடமும் சரக்குக் கிடங்குமாக இருப்பதும் இதே கதைதான்.

## அறிகுறி: நீர்மட்டம் மாறவே இல்லை

உருண்டை போட்டால் இவ்வளவு ஏறும், படகு விட்டால் அதைவிட ஏறும் என்று சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. தொட்டி அகலமாக இருக்கிறது, அவ்வளவுதான். 30-க்கு 20 செ.மீ. தொட்டியில் உருண்டைக்கும் படகுக்கும் உள்ள வித்தியாசம் 26 மி.லி. அது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

12 செ.மீ. குறுக்களவுள்ள நேர்ச்சுவர் கண்ணாடி ஜாடியோ பிளாஸ்டிக் டப்பாவோ எடுங்கள். நமது படகு மூலைக்கு மூலை 10 செ.மீ.தான், உள்ளே போகும். 8 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, வெளியே ஒட்டுத்தாள் ஒட்டி மட்டத்தைக் குறியுங்கள். உருண்டைக்கு 3 மி.மீ. ஏறும். அதை எடுத்துவிட்டு, அதே களிமண்ணைப் படகாக்கி விட்டால் 5 மி.மீ.-க்குச் சற்று மேலே ஏறும். ஒரே களிமண், கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஆனால் மிதக்கும்போது அதிக நீரை ஒதுக்குகிறது. கண்ணைக் குறிக்கு நேராக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மேலிருந்து பார்த்தால் இரண்டு மில்லிமீட்டர் பிழை சாதாரணமாக வரும்.

## அறிகுறி: படகு மூழ்கியதும் ஜாடியில் தண்ணீர் குறைந்துவிட்டது

"ஜாடி ஒழுகுது!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். ஒழுகவில்லை. மேசையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், காய்ந்துதான் இருக்கும்.

இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: 16 நாணயத்தோடு மிதக்கும் படகு இப்போது மூழ்கினால், தண்ணீர் ஏறுமா, இறங்குமா, அப்படியே நிற்குமா? கையைத் தூக்கச் சொன்னால் ஏறும் என்பதற்குத்தான் அதிகக் கைகள் எழும். எல்லாம் தண்ணீருக்குள் போகிறதே, ஏறத்தானே வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

மிதக்கும்போது படகும் நாணயமும் 140 கிராம். ஆகவே 140 மி.லி. நீரை ஒதுக்கி நிற்கிறது. ஜாடியில் மட்டம் 12 மி.மீ.-க்கு மேல் ஏறியிருக்கும். பதினேழாவது நாணயத்தை வைக்காமல், விரலால் விளிம்பை லேசாக அழுத்தி மூழ்கடியுங்கள். உள்ளே தங்கிய காற்றெல்லாம் குமிழியாக வெளியேறட்டும். இப்போது ஒதுக்குவது களிமண்ணின் சொந்த இடமும் நாணயங்களின் சொந்த இடமும் மட்டும்தான். களிமண் 34 மி.லி. எஃகிலோ செம்புக் கலவையிலோ செய்த நாணயங்கள் நீரைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு கனம், ஆகவே 80 கிராம் நாணயம் 10 மி.லி. இடம்தான் பிடிக்கும். மொத்தம் 44 மி.லி. மட்டம் 4 மி.மீ. குறிக்கு இறங்கிவிடும்.

எட்டு மில்லிமீட்டர் இறக்கம், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். இறங்காவிட்டால் படகு ஒருக்களித்து விழுந்து உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு குச்சியால் புரட்டிவிடுங்கள், பெரிய குமிழி ஒன்று வெளியே வரும், மட்டமும் இறங்கும்.